மேலாளரின் ஒரு நாளை மூன்று வகைப் பாத்திரங்களாகப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

மேலாண்மைப் படிப்பில் சேர்ந்தவர்களுக்கு முதல் பருவத்திலேயே வரும் ஒப்படைப்பு இது. ஒரு மேலாளருடன் ஒரு நாள் இருந்து, அவர் செய்ததையெல்லாம் குறித்துவந்து, ஆளுறவு, தகவல், முடிவு என்ற மூன்று வகைகளில் வரும் பத்துப் பாத்திரங்களில் பொருத்தி எழுத வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் தெரியும். ஆனால் நான் திருத்திய தாள்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் சறுக்கியிருந்தன. "கூட்டம் நடத்தினார், எனவே தலைவர். மின்னஞ்சல் படித்தார், எனவே தகவல் கவனிப்பவர்" என்று செயலைப் பார்த்த உடனே பெயர் ஒட்டிவிடுகிறார்கள். செயல் வேறு, பாத்திரம் வேறு. ஒரே கூட்டம் மூன்று வேறு நாட்களில் மூன்று வேறு பாத்திரங்களாக இருக்கலாம். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் மீதி வேலை தானாக நகரும். அதனால் இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உதாரணத்துக்கு, ஒரு சரக்குக் கிடங்கின் பகல்நேர மேலாளருடன் நானே உட்கார்ந்து பதிவு செய்த ஒரு நாளை எடுத்துக்கொள்கிறேன். வகுப்பிலும் இதே நாளைத்தான் பயன்படுத்துகிறேன்.

இந்தப் பத்துப் பாத்திரங்கள் எங்கிருந்து வந்தன

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க், ஐந்து நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் வீதம் கூடவே இருந்து கவனித்தார். அதிலிருந்து கிடைத்ததை 1973-ல் புத்தகமாக வெளியிட்டார். திட்டமிடுதல், ஒருங்கிணைத்தல், கட்டுப்படுத்துதல் என்று அதுவரை பாடநூல்கள் சொல்லிவந்த பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு மேலாளர் இந்த நிமிடம் என்ன செய்கிறார் என்று சொல்ல முடியவில்லை என்பது அவருடைய குறை. ஒரு மேலாளர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். இது திட்டமிடுதலா, கட்டுப்படுத்துதலா? பதில் கிடையாது. அதனால்தான் நாடக மேடையிலிருந்து வந்த பாத்திரம் என்ற கருத்தைக் கொண்டுவந்து, பத்துப் பாத்திரங்களை மூன்று தொகுதிகளாக வைத்தார்.

முதல் தொகுதி ஆளுறவு. இதில் மூன்று. பதவியின் காரணமாகவே ஒரு நிகழ்வில் போய் நிற்க வேண்டியிருப்பது அடையாளத் தலைவர் பாத்திரம். வகுப்பில் ஃபிகர்ஹெட் என்பார்கள்; தமிழ்ப் பாடநூல்கள் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. தன் கீழ் உள்ளவர்களை வேலைக்கு எடுப்பது, பழக்குவது, ஊக்குவிப்பது, திருத்துவது எல்லாம் தலைவர் பாத்திரம். தன் அதிகாரத்துக்குள் வராத வெளி ஆட்களோடும் மற்றத் துறையினரோடும் உறவை வளர்த்துவைப்பது தொடர்பாளர் பாத்திரம்.

இரண்டாவது தொகுதி தகவல். தகவலைத் தேடிப் பெறுவது கவனிப்பவர். பெற்றதைத் தன் குழுவுக்குள் கொண்டுசேர்ப்பது பரப்புபவர். தன் பிரிவைப் பற்றி வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வது சார்பில் பேசுபவர். பின்னிரண்டையும் மாணவர்கள் அடிக்கடி மாற்றிப் போடுகிறார்கள். தகவல் உள்ளே போகிறதா, வெளியே போகிறதா என்று பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும். மேலதிகாரிக்கு அனுப்பும் வார அறிக்கையும் வெளியே போவதுதான், ஏனென்றால் இங்கே எல்லை என்பது அந்த மேலாளரின் பிரிவு. முழு நிறுவனம் அல்ல.

மூன்றாவது தொகுதி முடிவு. யாரும் கட்டாயப்படுத்தாமல் தானே ஒரு மாற்றத்தை ஆரம்பித்தால் மாற்றம் தொடங்குபவர். எதிர்பாராமல் வந்து விழுந்ததைச் சமாளித்தால் இடையூறு தீர்ப்பவர். ஆள், நேரம், பணம், இயந்திரம் எது யாருக்கு என்று முடிவு செய்தால் வளம் ஒதுக்குபவர். எதிர்த்தரப்போடு பேசி ஒரு ஒப்புதலுக்கு வந்தால் பேச்சுவார்த்தையாளர்.

இந்த மூன்று தொகுதிகளும் தனித்தனிப் பெட்டிகள் அல்ல. பதவி இருப்பதால் ஆளுறவு கிடைக்கிறது. ஆளுறவு இருப்பதால் தகவல் வந்து சேர்கிறது. தகவல் இருப்பதால் முடிவெடுக்க முடிகிறது. இந்த ஓட்டம் எங்கே நன்றாகப் போனது, எங்கே அறுந்தது என்று கண்டுபிடிப்பதுதான் பகுப்பாய்வு. பெயர் ஒட்டுவது அதற்கான தயாரிப்பு மட்டுமே.

படி 1: போவதற்கு முன்னால்

மேலாளரிடமும் அவருடைய மேலதிகாரியிடமும் அனுமதி வாங்குங்கள். அதோடு, "இந்த இடத்தில் நீ இருக்க வேண்டாம்" என்று சொல்ல மேலாளருக்கு முழு உரிமை உண்டு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அப்படி வெளியே நின்ற நேரத்தைப் பதிவில் "மூடிய சந்திப்பு, 20 நிமிடம்" என்று எழுதினால் போதும். மாலையில் 15 நிமிடம் தனியாகப் பேச நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இதைக் காலையிலேயே கேட்காவிட்டால் கிடைக்காது. கிடைக்காவிட்டால் பகுப்பாய்வில் பாதி போய்விடும். ஏன் என்பது கீழே வரும்.

படி 2: பாத்திரப் பெயரே இல்லாமல் பதிவு செய்வது

ஒரு நோட்டில் ஐந்து பத்திகள் போதும்: தொடங்கிய நேரம், முடிந்த நேரம், யாரோடு, எப்படி (நேரில், தொலைபேசி, மின்னஞ்சல், தனியாக), என்ன நடந்தது. கூடவே, அந்தச் செயலை ஆரம்பித்தது மேலாளரா அடுத்தவரா என்று ஓர் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள். மாற்றம் தொடங்குபவரையும் இடையூறு தீர்ப்பவரையும் பிரிக்க அந்த அம்புக்குறி பின்னால் கைகொடுக்கும்.

பாத்திரத்துக்கு ஒரு பத்தி வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து பெயர் வைக்க ஆரம்பித்தால், அடுத்த செயலை அந்தப் பெயரின் கண்ணாடி வழியாகத்தான் பார்ப்பீர்கள். "ஊழியரைத் திட்டினார்" என்பது பதிவு அல்ல, உங்கள் தீர்ப்பு. "சரக்கு இறக்கும் மேடை 2-ல் வழியை மறித்து அட்டைப்பெட்டி ஏன் இருக்கிறது என்று இரண்டு முறை கேட்டார், குரலை உயர்த்தினார்" என்பது பதிவு.

எப்போது புதிய வரி போடுவது? ஆள் மாறினால், அல்லது நோக்கம் மாறினால். இந்த விதியை முதலில் முடிவு செய்து கடைசிவரை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் செயல்களின் எண்ணிக்கையே இந்த விதியைப் பொறுத்துத்தான் வருகிறது. மின்ட்ஸ்பெர்க் பார்த்த தலைமை நிர்வாகிகளின் செயல்களில் பாதி, ஒன்பது நிமிடத்துக்கும் குறைவாக நீடித்தன. ஒரு மணி நேரத்தைத் தாண்டியவை பத்தில் ஒரு பங்குதான். அமெரிக்கத் தொழிற்சாலை ஃபோர்மேன்களைப் பற்றிய 1950-களின் ஆய்வு ஒன்றில் எட்டு மணி நேர ஷிஃப்டுக்குச் சராசரியாக 583 செயல்கள் வந்தன. ஏறக்குறைய 50 விநாடிக்கு ஒன்று. வேலையும் வேறு, எண்ணிய விதமும் வேறு. உங்கள் பதிவில் ஒரு நாளைக்கு எட்டு வரிகள்தான் இருக்கின்றன என்றால், அந்த மேலாளர் அமைதியாக வேலை செய்தார் என்று பொருள் இல்லை. குறுக்கீடுகளை நீங்கள் குறிக்காமல் விட்டிருக்கிறீர்கள்.

நான் பதிவு செய்த நாளின் முதல் இரண்டு மணி நேரம் இது:

| நேரம் | நிமிடம் | நடந்தது |
|---|---|---|
| 8.30 – 8.42 | 12 | இரவு ஷிஃப்ட் மேற்பார்வையாளர் வாசலிலேயே பொறுப்பை ஒப்படைத்தார். ஒரு ஃபோர்க்லிஃப்டின் சார்ஜர் வேலை செய்யவில்லை, இரண்டு லோடு பாக்கி என்றார். |
| 8.42 – 8.46 | 4 | பராமரிப்புத் துறைக்குத் தொலைபேசி. சார்ஜரைப் பார்க்க ஆள் எப்போது வரும் என்று கேட்டு, 11 மணி என்று உறுதி வாங்கினார். |
| 8.46 – 9.00 | 14 | 11 பேருக்கு நின்றபடியே காலைக் கூட்டம். இன்றைய லோடுகள், மாறிய பாதுகாப்பு விதி. பத்து ஆண்டு முடித்த ஒருவருக்கு எல்லார் முன்னாலும் நன்றி. |
| 9.00 – 9.09 | 9 | நடைபாதையில் கொள்முதல் மேலாளரோடு பேச்சு. நடுவே அவர், மதியம் வர வேண்டிய லாரி முன்னதாகவே கிளம்பிவிட்டது, பத்து மணிக்கு முன் வந்துவிடலாம் என்றார். |
| 9.09 – 9.31 | 22 | மின்னஞ்சல். 14 வந்திருந்தன, 9 படித்தார், 3-க்குப் பதில், 2-ஐக் குழுவுக்கு அனுப்பினார். |
| 9.31 – 9.37 | 6 | ஊழியர் ஒருவர் வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டார். பட்டியலைத் திறந்து பார்த்து இன்னொருவரோடு ஷிஃப்டை மாற்றிக் கொடுத்தார். |
| 9.40 – 9.52 | 12 | லாரி வந்துவிட்டது, மேடை 2 நிரம்பியிருக்கிறது. பேக்கிங்கிலிருந்து இருவரை அழைத்து இடத்தைக் காலி செய்ய வைத்தார். |
| 9.52 – 10.01 | 9 | லாரி நிறுவனத்தோடு தொலைபேசி. காத்திருப்புக் கட்டணத்தை எந்த நேரத்திலிருந்து கணக்கிடுவது என்று பேசி முடித்தார். |
| 10.01 – 10.15 | 14 | ஒரு ஃபோர்க்லிஃப்ட்தான் இருக்கிறது. பாக்கி இரண்டு லோடில் எதை முதலில் அனுப்புவது என்று பகல் ஷிஃப்ட் மேற்பார்வையாளரோடு முடிவு செய்தார். |
| 10.15 – 10.30 | 15 | தளத்தில் ஒரு சுற்று நடந்தார். |

9.37-லிருந்து 9.40 வரை எங்கே போனார் என்று எனக்குத் தெரியவில்லை. அதை இடைவெளி என்றே விட்டுவிட்டேன். கணக்கு சரியாக வர வேண்டும் என்பதற்காக இடைவெளியை அக்கம்பக்கச் செயல்களில் பூசி மெழுகாதீர்கள்.

படி 3: மாலைப் பேச்சு

வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் செயல் தெரியும், நோக்கம் தெரியாது. 10.15 சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போகிறார், எனவே கவனிப்பவர் என்றுதான் நான் மனதுக்குள் நினைத்திருந்தேன். மாலையில் கேட்டேன்.

"மேடம், பத்தேகாலுக்கு ஒரு சுற்று போனீங்களே, எதைப் பார்க்கப் போனீங்க?"

"பார்க்கவா? லேபிள் ஒட்டுற இடத்துல ஒரு பையன் இருந்தான் பாருங்க, சேர்ந்து மூணு நாள்தான் ஆச்சு. காலையில நடந்த கலாட்டாவுல பேக்கிங்லேருந்து ரெண்டு பேரை எடுத்துட்டேன், அவன் தனியா நின்னுட்டான். பயந்திருப்பான்னு போனேன். மத்த இடத்துல நின்னதெல்லாம் வழியில நின்னதுதான்."

என் பதிவைப் புரட்டினேன். லேபிள் மேசையில் ஏழு நிமிடம் என்று குறித்திருந்தேன், ஆனால் அதற்கு ஒரு பொருளும் கொடுக்கவில்லை. அந்த வரி கவனிப்பவரிலிருந்து தலைவருக்கு மாறியது. தொகுதியே மாறிவிட்டது, தகவலிலிருந்து ஆளுறவுக்கு.

எல்லா வரிகளையும் கேட்க 15 நிமிடம் போதாது. சந்தேகமான ஐந்தாறு வரிகளை மட்டும் எடுத்துப் போங்கள். "இது எந்தப் பாத்திரம்?" என்று அவரைக் கேட்காதீர்கள். அவர் அந்தப் பாடம் படித்திருக்க வேண்டியதில்லை, படித்திருந்தால் இன்னும் ஆபத்து. "எதற்காகப் போனீர்கள், அதன் பிறகு என்ன மாறியது?" என்று கேட்டால் போதும்.

படி 4: பாத்திரத்தை முடிவு செய்வது

ஒவ்வொரு வரிக்கும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தச் செயல் முடிந்தபோது, தொடங்கும்போது இல்லாத எது மிச்சமாக இருந்தது? ஒரு உறவோ மனநிலையோ மாறியிருந்தால் ஆளுறவு. யாருக்காவது ஒன்று புதிதாகத் தெரிந்திருந்தால் தகவல். ஏதாவது ஒன்று நிர்ணயிக்கப்பட்டு, அதன்படி வேலை நகர ஆரம்பித்திருந்தால் முடிவு.

விடுப்பு வரியில் வைத்துப் பாருங்கள். வகுப்பில் பாதிப் பேர் இதைத் தலைவர் என்பார்கள், ஊழியரோடு பரிவாகப் பேசினார் இல்லையா. ஆறு நிமிடம் கழித்து மாறியிருந்தது வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் பட்டியல். இருவருடைய வேலை நேரம் இடம் மாறியது. முதன்மைப் பாத்திரம் வளம் ஒதுக்குபவர். பரிவு உண்மைதான், அதைத் துணைப் பாத்திரமாக எழுதலாம். ஒரு வரிக்கு ஒரு முதன்மை, தேவைப்பட்டால் ஒரு துணை. அதற்கு மேல் போனால் எல்லா வரிகளும் எல்லாப் பாத்திரங்களாகிவிடும்; எண்ணுவதற்கே ஒன்றும் இருக்காது.

8.42 தொலைபேசி இன்னொரு பொறி. பராமரிப்புத் துறை அவருடைய அதிகாரத்தில் இல்லை, வெளித் துறை. அதனால் தொடர்பாளர் என்று எழுதத் தோன்றும். ஆனால் அங்கே உறவு எதுவும் வளரவில்லை, ஏற்கெனவே இருந்த உறவு பயன்பட்டது. மிச்சமாக இருந்தது, பழுதுக்கு 11 மணி என்ற ஏற்பாடு. எனவே இடையூறு தீர்ப்பவர். 9.00 நடைபாதைப் பேச்சு இதற்கு நேர் எதிர். இருவரும் ஒரு வேலையையும் மனதில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. தினமும் இப்படி நின்று பேசுவது வழக்கம், பாதி விஷயம் தனக்கு இப்படித்தான் தெரியவருகிறது என்று மேலாளரே சொன்னார். முதன்மை தொடர்பாளர், துணை கவனிப்பவர். உறவு தகவலாக மாறும் அந்தக் கணத்தை இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அரிது.

மற்ற வரிகளில் சிக்கல் இல்லை. பொறுப்பு ஒப்படைப்பு கவனிப்பவர். காலைக் கூட்டம் பரப்புபவர். நன்றி சொன்ன இரண்டு நிமிடத்துக்காக அடையாளத் தலைவரைத் துணையாக வைத்தேன். மின்னஞ்சலில் படித்ததே அதிகம் என்பதால் கவனிப்பவர், துணை பரப்புபவர். லாரி வந்த பிறகு இருக்கும் மூன்று வரிகளும் முறையே இடையூறு தீர்ப்பவர், பேச்சுவார்த்தையாளர், வளம் ஒதுக்குபவர்.

எந்தப் பாத்திரத்திலும் சேராத வரிகளும் இருக்கும். அன்று பிற்பகலில் இந்த மேலாளரே உட்கார்ந்து விலைப்பட்டியல் எண்களைக் கணினியில் ஏற்றினார். அது மேலாண்மை வேலை இல்லை, எழுத்தர் வேலை. ஆள் குறைந்ததால் இவர் செய்தார். அதற்குத் தனியாக "செயல்பாட்டு வேலை" என்று ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் பத்துக்குள் திணிக்க வேண்டியதில்லை. அதேபோல, பத்துப் பாத்திரமும் ஒரே நாளில் வந்தாக வேண்டும் என்றும் இல்லை. வராததை வந்ததாக எழுதும் தாளைத் திருத்துபவர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

முடிந்தால், பாத்திரப் பெயர்களை மறைத்துவிட்டு ஒரு நண்பரிடம் அதே பதிவைக் கொடுத்து அவரையும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். இருவருக்கும் ஒத்துவராத வரிகளைப் பேசித் தீர்த்து, எத்தனை வரிகளில் ஒத்துவரவில்லை என்பதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

படி 5: எண்ணிக்கையும் நிமிடமும்

இரண்டையும் கணக்கிட வேண்டும். அந்த நாள் முழுவதற்கும் எனக்கு வந்தவை இவை. இடைவேளை நீங்கலாக 495 நிமிடம். அதில் 18 நிமிடம் இடைவெளி. மீதி 477 நிமிடத்தில் 31 செயல்கள்.

ஆளுறவு 8 செயல், 78 நிமிடம், நேரத்தில் 16 விழுக்காடு. தகவல் 14 செயல், 196 நிமிடம், 41 விழுக்காடு. முடிவு 7 செயல், 162 நிமிடம், 34 விழுக்காடு. செயல்பாட்டு வேலை 2 செயல், 41 நிமிடம், 9 விழுக்காடு.

இதைப் பார்த்ததும் "முடிவுச் செயல்கள் குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் சராசரியாக 23 நிமிடம் நீண்டது" என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த ஏழில் ஐந்து, மேலே உள்ள காலைப் பட்டியலிலேயே இருக்கின்றன. ஐந்தும் சேர்ந்து 45 நிமிடம்தான். மீதி 117 நிமிடம் பிற்பகலின் இரண்டே செயல்களுக்குப் போனது. ஒன்று, அலமாரிகளின் இடத்தை மாற்றியமைக்க இவரே தொடங்கிய திட்டத்தைப் பற்றிய 72 நிமிடக் கூட்டம். மற்றது, அடுத்த மாதத்துக்கு ஆட்களைப் பிரித்து வைத்த 45 நிமிடம். ஆக, இவருடைய முடிவுகள் இரண்டு விதம்: கண் முன்னால் வந்து விழுந்து சில நிமிடத்தில் முடிபவை, நேரம் ஒதுக்கி உட்கார்ந்து எடுப்பவை. 23 நிமிடம் என்ற சராசரி நீளத்தில் அன்று ஒரு முடிவும் எடுக்கப்படவில்லை. வரிகள் இவ்வளவு குறைவாக இருக்கும்போது, சராசரியை எழுதும் முன் வரிகளைத் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

படி 6: ஓட்டத்தைப் பின்தொடர்வது

மதிப்பெண் இங்கேதான் இருக்கிறது. பெயர் வைத்த பதிவை எடுத்துக்கொண்டு, ஏதாவது ஒரு முடிவு வரியில் விரலை வைத்துப் பின்னோக்கிப் போங்கள். இந்த முடிவுக்கு வேண்டிய தகவல் எப்போது, யாரிடமிருந்து வந்தது? வந்த பிறகு எங்கே போனது?

நான் 9.40-ல் விரலை வைத்தேன். லாரி வருகிறது, மேடை நிரம்பியிருக்கிறது, எல்லாரும் ஓடுகிறார்கள். பட்டியலில் அது "இடையூறு". பின்னோக்கிப் போனால் 9.00 வரிசையில் லாரி சீக்கிரம் வரும் என்ற தகவல் இருக்கிறது. மேலாளருக்கு இது எதிர்பாராத ஒன்றே அல்ல, ஏறக்குறைய அரை மணி நேரத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம். இடையில் மின்னஞ்சல் 22 நிமிடம், விடுப்பு 6 நிமிடம், இடைவெளி 3 நிமிடம். மேற்பார்வையாளரிடம் சொன்னதாக ஒரு வரியும் இல்லை. மாலையில் கேட்டபோது, "சொல்லிட்டதாவே நினைச்சுட்டேன்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. தெரிந்தது தலைக்குள்ளேயே இருந்தது, அவ்வளவுதான். பேச்சில் வரும் தகவலுக்கு எழுத்தில் தடயம் கிடையாது. அதனால் அதைக் கைமாற்றுவதும் மறந்துபோகிறது. மேலாளர்கள் தகவலை வாய்மொழியாகவே அதிகம் பெறுகிறார்கள், அது அவர்கள் நினைவிலேயே தங்கிவிடுகிறது, அதனால் வேலையைப் பிறரிடம் ஒப்படைப்பது கடினமாகிறது என்று மின்ட்ஸ்பெர்க்கும் எழுதியிருக்கிறார். இங்கே அதை நிமிடக் கணக்கோடு பார்க்க முடிந்தது.

ஆக, தொடர்பாளர் பாத்திரம் நன்றாக வேலை செய்தது, கவனிப்பவர் பாத்திரமும் வேலை செய்தது, பரப்புபவரில் ஓட்டம் அறுந்தது. அந்த அறுந்த இடம், அடுத்த வரிகளில் இடையூறு தீர்ப்பவராகத் தலைகாட்டியது.

இன்னும் ஒன்று கவனியுங்கள். பரப்புவதற்கென்றே ஒரு கூட்டம் அன்று இருந்தது. அது 9 மணிக்கு முடிந்தது. நடைபாதைப் பேச்சு 9 மணிக்குத் தொடங்கியது. வரிசை மாறியிருந்தால், அதாவது கொள்முதல் மேலாளரைப் பார்த்துவிட்டுக் கூட்டத்துக்குப் போயிருந்தால், தகவல் தானாகவே 11 பேர் காதிலும் விழுந்திருக்கும். "தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்" என்று எழுதும் தாளுக்கும் "நடைபாதைச் சந்திப்பைக் காலைக் கூட்டத்துக்கு முன்னால் மாற்றலாம்" என்று எழுதும் தாளுக்கும் உள்ள தூரம் இதுதான். முன்னது எந்தக் கிடங்குக்கும் பொருந்தும், பின்னது இந்தப் பதிவிலிருந்து மட்டுமே வர முடியும்.

அதே சமயம் மிகைப்படுத்தவும் கூடாது. 9.40-லிருந்து 10.15 வரை போன 35 நிமிடமும் மிச்சமாகியிருக்கும் என்று நான் எழுத முடியாது. மேடையைக் காலி செய்த 12 நிமிடம், லாரி வருவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம். லாரி காத்திருக்காவிட்டால் கட்டணப் பேச்சு 9 நிமிடமும் தேவைப்பட்டிருக்காது. ஆனால் எந்த லோடு முதலில் என்ற 14 நிமிடம், ஃபோர்க்லிஃப்ட் பழுதால் வந்தது. லாரி எப்போது வந்திருந்தாலும் அது இருந்திருக்கும்.

படி 7: எழுதுவது

அறிக்கையைப் பத்துப் பாத்திரங்களுக்குப் பத்துத் தலைப்பு என்று அமைக்காதீர்கள். அப்படி எழுதினால் நாள் துண்டு துண்டாகிவிடும், ஓட்டம் தெரியாது. முதலில் மேலாளரின் பதவி, அவருக்குக் கீழ் எத்தனை பேர், பிரிவின் வேலை என்று ஒரு பத்தி. அடுத்து வரி பிரித்த விதியும், பாத்திரம் தீர்மானித்த கேள்வியும். பிறகு எண்கள், சுருக்கமாக. அப்புறம் நீங்கள் கண்டுபிடித்த ஒரு ஓட்டம், அல்லது அதிகம் போனால் இரண்டு. அதற்குத்தான் பாதிப் பக்கங்களைக் கொடுங்கள். ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் பதிவின் நேரத்தைப் போட்டால் திருத்துபவர் இணைப்பில் தேடிப் பார்த்துக்கொள்வார்.

வரம்புகளையும் வெளிப்படையாக எழுதுங்கள். ஒரு நாள் என்பது ஒரு நாள்தான். மாதக் கடைசியில் போயிருந்தால் சார்பில் பேசுபவர் பாத்திரம் கூடியிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாலேயே மேலாளர் சில தொலைபேசி அழைப்புகளைத் தள்ளிப்போட்டிருக்கலாம். மின்ட்ஸ்பெர்க் பார்த்தவர்கள் நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள். கிடங்கின் ஷிஃப்ட் மேலாளரை அவர்களோடு விழுக்காட்டுக்கு விழுக்காடு ஒப்பிட்டு "இவருக்கு இது குறைவு" என்று தீர்ப்பு சொல்ல முடியாது.

முழுப் பதிவையும் இணைப்பாக வையுங்கள். ஆட்களின் பெயருக்குப் பதில் பதவி, நிறுவனங்களின் பெயருக்குப் பதில் "லாரி நிறுவனம்", "கொள்முதல் துறை". விடுப்பு கேட்டவர் சொன்ன காரணம் போன்ற சொந்த விஷயங்களை நீக்கிவிடுங்கள். சமர்ப்பிக்கும் முன் வரைவை மேலாளரிடம் ஒருமுறை காட்டுங்கள். நான் காட்டியபோது, அந்த 9.37 இடைவெளிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதித் தந்தார்: மேற்பார்வையாளரைத் தேடிப் போனேன், இடத்தில் இல்லை, திரும்பி வந்துவிட்டேன். எதற்காகத் தேடினார் என்று கேட்டேன். அது அவருக்கே நினைவில்லை. அதனால் "சொன்னதாக ஒரு வரியும் இல்லை" என்ற என் வாக்கியத்துக்குப் பின்னால், "சொல்ல முயன்றிருக்கவும் கூடும், 9.37" என்று சேர்த்துத்தான் தாளை முடித்தேன்.